தொட்டுப் பார்க்க வேண்டிய தேமல்

“இடது முன்கையில் ஒரு திட்டு. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சுற்றியிருக்கும் தோலைவிட நிறம் வெளிறியிருக்கிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை. ஏழெட்டு மாதமாக அப்படியே இருக்கிறது. மெடிக்கலில் கேட்டு ஒரு ஆயின்மென்ட் வாங்கிப் போட்டேன், குறையவில்லை. படம் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருந்த நோய் இதுதானா, டாக்டர்? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30 இந்தியாவில் தொழுநோய் எதிர்ப்பு நாள். அதையொட்டித் தோல் மருத்துவர்கள் பத்திரிகைகளில் எழுதுவோம், பள்ளிகளிலும் ஆலைகளிலும் பேசுவோம். ‘உணர்ச்சி குறைந்த வெளிறிய தேமல் இருந்தால் அலட்சியம் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வந்த சில நாட்களில் இப்படிக் கேள்விகள் வரத் தொடங்கும். மேலே இருப்பது அப்படி வந்த ஒன்று. கேட்டவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நாற்பதை நெருங்கும் வயது, தினக்கூலி, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்பது மட்டும் இங்கே போதும்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. நாங்கள் சொன்னதைக் கவனித்து, தன் உடம்பைப் பார்த்து, சந்தேகம் வந்ததும் கேட்டிருக்கிறார். விழிப்புணர்வு என்று எதை விரும்பினோமோ அதுதான் இது. ஆகவே அவருக்குப் போகும் பதில், அந்த அக்கறை அணைந்துவிடாதபடி இருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்ட ஒரு வார்த்தையை என்னால் கொடுக்க முடியாது. தயக்கமோ விதிமுறையோ மட்டும் இதற்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வார்த்தைக்குத் தேவையான விவரம் படத்தில் இல்லவே இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு இந்த நோயின் இயல்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873-இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். மிக மெதுவாகப் பெருகும் கிருமி இது. உள்ளே நுழைந்து நோயாக வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகலாம், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆவதுண்டு. உடம்பின் உள்சூட்டைவிடச் சற்றே குளிர்ந்த இடங்கள்தான் இதற்குப் பிடிக்கும். அதனால் தோலிலும், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளிலும் தங்குகிறது. தோலில் தெரியும் திட்டு வெளி அடையாளம். நோய் கெடுப்பது நரம்பை. அந்த இடத்தின் நரம்பு நுனிகள் பழுதாவதால் தொடுவுணர்வு மங்குகிறது, வியர்வை நின்று தோல் வறள்கிறது, மயிர் உதிர்கிறது. அரிப்பும் வலியும் இல்லாததே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. எங்களுக்கு அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

இனி படத்துக்கு வருவோம். வெளிறிய திட்டு என்பது ஒரு நோயின் தனி உடைமை கிடையாது. வியர்வை மிகுந்த மார்பிலும் முதுகிலும் வரும் தேமல் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. நகத்தால் இலேசாகச் சுரண்டினால் மாவு போல உதிரும். குழந்தைகளின் கன்னத்தில் வரும் மங்கலான வெள்ளைத் திட்டு வறண்ட தோலோடு தொடர்புடையது. வெண்புள்ளி என்று நாம் சொல்வது நிறமி அணுக்கள் அழிவதால் வருகிறது. அது வெளிறியிருப்பதோடு நிற்காமல் பால் வெள்ளையாகவே மாறிவிடும், உணர்ச்சி மட்டும் முழுமையாக இருக்கும். தீக்காயமோ கொப்புளமோ ஆறிய இடமும் சில மாதம் வெளிறிக் கிடக்கும். பிறவியிலேயே வந்து ஒருபோதும் மாறாத திட்டுகளும் உண்டு. இவை தவிர, மெடிக்கலில் வாங்கிப் போடும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமே தோலின் நிறத்தைக் குறைத்துவிடும். நம் கேள்வியாளர் போட்டுக்கொண்டது எது என்று அவருக்கே தெரியாது.

கைப்பேசியில் எடுத்த படம் இந்த வேறுபாடுகளை மேலும் கலைத்துவிடுகிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். கேமராவே வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகச் சரிசெய்துகொள்ளும். கறுத்த தோலில் இலேசான வெளிறல் மறைந்தும் போகலாம், இருப்பதைவிட அதிகமாகவும் தெரியலாம். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது சொல்லாத ஒன்று இருக்கிறது, அந்தத் தோலுக்குத் தொடுவது தெரிகிறதா என்பது. தொழுநோயை உறுதிசெய்யும் முதன்மை அடையாளங்கள் மூன்றுதான். வெளிறிய அல்லது சிவந்த திட்டில் திட்டவட்டமான உணர்ச்சிக் குறைவு. தடித்துப்போன நரம்பு, அதோடு அந்த நரம்பு ஆளும் பகுதியில் மரத்துப்போதல் அல்லது பலவீனம். தோலைக் கீறி எடுத்த நீரில் கிருமி தென்படுவது. முதல் இரண்டையும் விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும், மூன்றாவதுக்கு நுண்ணோக்கி வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்யக்கூடியது இவற்றில் எதுவும் இல்லை.

‘அப்படியானால் நானே வீட்டில் ஊசியால் குத்திப் பார்த்துச் சொல்கிறேனே’ என்று அடுத்த கேள்வி வரும். அதை நான் ஊக்குவிப்பதில்லை. தானே தன் கையைத் தொடும்போது எங்கே தொடுகிறோம் என்பது மூளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மனைவி தொட்டாலும், கண் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்த மாதிரியே இருக்கும். இன்னொரு சிக்கல், ஆரம்பத்தில் முதலில் போவது மென்மையான தொடுகையும் சூடு குளிர்ச்சியும் அறியும் உணர்வு. அழுத்தத்தை உணரும் திறன் அப்போதும் மிஞ்சியிருக்கும். வீட்டில் சோதிப்பவர்கள் பெரும்பாலும் அழுத்தித்தான் குத்துகிறார்கள். ‘தெரிகிறதே, அப்போது ஒன்றுமில்லை’ என்று முடிவுசெய்துகொண்டு இன்னும் ஓர் ஆண்டைக் கடத்திவிடுகிறார்கள். ஊசி கீறிய இடம் உணர்ச்சி குறைந்த தோலாக இருந்தால் புண்ணாகும் ஆபத்தும் இருக்கிறது.

ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்துப் பார்க்க வேண்டும். ‘ஆமாம், அப்படித்தான் தெரிகிறது’ என்று நான் எழுதி, அது வீட்டில் பிறர் கண்ணில் பட்டால், பரிசோதனைக்கு முன்பே அவருக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் வந்துவிடலாம். தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கேட்கச் சட்டம் இடம் கொடுத்தே வந்தது, 2019-இல்தான் அந்தப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. அவ்வளவு கனம் அந்தப் பெயருக்கு. உறுதியில்லாமல் அதை ஒருவர் தலையில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

‘பயப்படாதீர்கள், சாதாரணத் தேமல்தான்’ என்ற பதில் கேட்பவருக்கு இனிக்கும். அதன் விலை வேறு இடத்தில் தெரியும். நரம்பு பழுதாகத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால், ஸ்டீராய்டு மாத்திரைகளை முறையாகக் கொடுத்து இழந்த உணர்ச்சியையும் வலுவையும் பெருமளவு மீட்க வாய்ப்பு உண்டு. அந்தக் காலம் கடந்துவிட்டால் கிருமியைக் கொல்லலாம், போன உணர்ச்சி திரும்புவது அரிது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் உலகுக்கு எடுத்துக்காட்டிய உண்மை இதோடு தொடர்புள்ளது. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதாகவே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். சுடுவதும் குத்துவதும் தெரியாததால் திரும்பத் திரும்பக் காயம்பட்டுத்தான் விரல்கள் குறுகிப்போகின்றன என்று அவர் காட்டினார். சூடான பாத்திரத்தைப் பிடித்த கை வலித்தால் விட்டுவிடும். வலிக்காத கை விடாது. நம் கேள்வியாளர் கையால் உழைத்துச் சாப்பிடுபவர்.

மூன்றாவதாக ஒரு பதிலும் வழக்கத்தில் இருக்கிறது. ‘பக்கத்தில் இருக்கும் டாக்டரைப் பாருங்கள்.’ திசை சரி. ஆனால் இந்த அளவோடு நிறுத்தினால், கதவைச் சாத்தியதைப் போல்தான் கேட்டவருக்குப் படும். அவர் இதுவரை டாக்டரிடம் போகாததற்குக் காரணங்கள் உண்டு. ஒரு நாள் கூலி போகும். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு என்று தெரியாது. தெரிந்தவர் யாராவது அந்த வரிசையில் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம். போய் நின்று ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் என்ற எண்ணம். இவற்றில் எதற்கும் விடை சொல்லாமல் அனுப்பினால் அவர் போக மாட்டார். அதனால் என் பதிலில் அவர் போவதற்கு வேண்டியதெல்லாம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் அவருக்கு எழுதியது இது:

“வணக்கம். கவனித்துக் கேட்டதற்கு நன்றி. மாதக்கணக்கில் மாறாத, அரிக்காத ஒரு திட்டைக் காட்டிக் கேட்பது சரியான காரியம். படத்தைப் பார்த்தேன். இது எது என்று படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இதே மாதிரி தெரியும் நோய்கள் ஐந்தாறு இருக்கின்றன. அவற்றில் பல தொந்தரவு இல்லாதவை. எது என்று பிரிப்பது அந்த இடத்தில் தொடுவுணர்வு எப்படி இருக்கிறது, நரம்பு எப்படி இருக்கிறது என்பதுதான். அதை நேரில் தொட்டுத்தான் பார்க்க முடியும், பத்து நிமிட வேலை.

இந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ ஒரு காலை நேரத்தில் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், ‘தோல் பிரிவு’ என்று சொல்லி ஓ.பி. சீட்டு வாங்குங்கள். அங்கே படை, சொறி, முடி உதிர்வு என்று எல்லோரும் இருப்பார்கள். நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. அது தொலைவென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம். டாக்டரிடம் ‘எட்டு மாதமாக இருக்கிறது, அரிப்பில்லை, உணர்ச்சி பார்க்க வேண்டும்’ என்று சொன்னால் போதும்.

ஆயின்மென்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ட்யூபைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். வேறு எதையும் தடவ வேண்டாம், ஊசியால் குத்திப் பார்க்கவும் வேண்டாம்.

சுண்டுவிரல், மோதிர விரல் மரத்துப்போனாலோ மடங்கினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, கண்ணை முழுதாக மூட முடியாவிட்டாலோ, திட்டு திடீரென்று சிவந்து வீங்கினாலோ அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நாளைக்கே போங்கள். ஒருவேளை நான் எழுதிய நோயாகவே இருந்தாலும் மாத்திரையில் முழுதாகக் குணமாகும், அரசு மருத்துவமனையில் இலவசம். வேலைக்குப் போகலாம், வீட்டில் எல்லோரோடும் சேர்ந்தே இருக்கலாம். போய்வந்த பிறகு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.”

இந்தப் பதிலில் சில இடங்களை வேண்டுமென்றே அப்படி வைத்தேன். ‘பார்த்தேன்’ என்று சொன்னது, படத்தைத் திறக்காமலே ஒதுக்கிவிட்டார் என்று அவர் நினைக்கக் கூடாது என்பதற்காக. ‘யாராலும் சொல்ல முடியாது’ என்றது, எனக்குத் தெரியவில்லை என்றோ சொல்ல மனமில்லை என்றோ அவர் எடுத்துக்கொண்டு, படத்தை இன்னொருவருக்கு அனுப்பி விடை தேடக் கூடாது என்பதற்காக. அப்படித் தேடினால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட ஒருவர் எப்படியும் கிடைத்துவிடுவார்.

நோயின் பெயரை நான் எழுதவே இல்லை, ‘நான் எழுதிய நோய்’ என்று நிறுத்திக்கொண்டேன். அவருக்குப் புரியும், தற்செயலாகப் படிக்கும் இன்னொருவருக்குப் புரியாது. அவரிடம் திருப்பிக் கேள்வி கேட்கவும் இல்லை. ‘மயிர் உதிர்ந்திருக்கிறதா, வேர்க்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா’ என்று கேட்டிருந்தால் அவர் மெனக்கெட்டுப் பதில் எழுதுவார். நான்கைந்து கடிதம் போய் வந்த பிறகு வைத்தியம் நடந்துகொண்டிருப்பதாக அவருக்கே ஒரு திருப்தி வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த காலை அதில் கரைந்துபோகும். இந்தியாவில் தொலை மருத்துவத்துக்கென்று 2020 மார்ச்சில் நெறிமுறைகள் வந்தன. நோயாளி யார் என்று உறுதிசெய்து, ஒப்புதலோடு, பதிவேட்டில் குறித்துக்கொண்டு பார்ப்பதுதான் ஆலோசனை என்று அவை வகுக்கின்றன. பொதுவில் கேட்ட கேள்விக்கு எழுதும் இரண்டு வரி அந்தக் கணக்கில் வராது.

மருந்தின் பெயரும் பதிலில் இல்லை. ‘அதுவரைக்கும் ஏதாவது தடவ’ என்று கேட்பவர்கள் அதிகம். அதற்கு இணங்கினால் கேடுதான். பூஞ்சைக்கான க்ரீம் தடவிவிட்டுப் போனால் பூஞ்சைச் சோதனை பொய்யாகலாம். ஸ்டீராய்டு க்ரீம் தடவினால் திட்டின் தோற்றமே மாறிவிடும். தடவாத தோலைப் பார்ப்பதுதான் டாக்டருக்கு எளிது. ட்யூபைக் கொண்டுபோகச் சொன்னது, ‘ஏதோ வெள்ளை ஆயின்மென்ட்’ என்பதைவிட அட்டையில் அச்சடித்த பெயர் பத்து மடங்கு பயன்படும் என்பதால்.

நாளைக்கே போங்கள் என்று பிரித்துச் சொன்ன அறிகுறிகள்தான் பதிலில் மிக முக்கியமான பகுதி. முழங்கையின் உட்புறம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கதவில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை பாயுமே, அந்த நரம்பு. முன்கையில் தேமல் உள்ளவருக்கு முதலில் அடிபட வாய்ப்புள்ள நரம்புகளில் அது ஒன்று. சுண்டுவிரலும் மோதிர விரலும் மதமதப்பதும் மடங்குவதும் அதன் அடையாளம். கண் மூடாமல் போவது முக நரம்பு பாதிக்கப்பட்டதைக் காட்டும், விழி வறண்டு புண்ணாகும். திட்டு திடீரென்று சிவந்து வீங்குவது உடம்பின் எதிர்ப்பு சக்தி கிருமியோடு மோதும் நேரம். அந்த மோதலில் நரம்பு சில நாட்களிலேயே கெட்டுவிடக்கூடும். கேட்பவரைப் பயமுறுத்தாமல், ஆனால் இவற்றைச் சொல்லாமலும் விடாமல் எழுத வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் ‘உடனே போ’ என்று சொன்னால் யாருமே உடனே போக மாட்டார்கள்.

அவர் போனார். அடுத்த மாதம் எழுதிய கடிதத்தில் நடந்ததை விவரித்திருந்தார். தோல் பிரிவில் நடப்பது என்ன என்று தெரியாததுதான் பலரைத் தடுக்கிறது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாக்டர் அவரைச் சன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றச் சொன்னார். ‘கையில்தானே டாக்டர்’ என்றாராம் இவர். முழு உடம்பையும் பார்க்க வேண்டும் என்று முதுகு, இடுப்பு, பிட்டம், கால் என்று பார்த்தபோது, வலது தோள்பட்டைக்குக் கீழே இன்னொரு வெளிறிய திட்டு இருந்தது. தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்ததால் அவருக்கு அது தெரியவே தெரியாது. மனைவியும் கவனித்ததில்லை. படத்தை வைத்துப் பதில் சொல்லியிருந்தால் அது இன்னும் அப்படியேதான் கிடந்திருக்கும். திட்டுகளின் எண்ணிக்கை சும்மா ஒரு குறிப்பு இல்லை, எத்தனை மாதம் மாத்திரை என்பதையே அது தீர்மானிக்கும்.

பிறகு பஞ்சு. ஒரு துணுக்குப் பஞ்சின் நுனியை மெல்லியதாகத் திரித்து, முதலில் கண்ணைத் திறந்தபடி நல்ல தோலில் தொட்டுக் காட்டுவார்கள். ‘தொடும்போதெல்லாம் தொட்ட இடத்தை ஒரு விரலால் காட்டுங்கள்’ என்று சொல்லிப் புரியவைத்த பிறகு கண்ணை மூடச் சொல்வார்கள். நல்ல தோல், திட்டு, மறுபடி நல்ல தோல் என்று வரிசை இல்லாமல் தொடுவார்கள். தேய்ப்பதோ இழுப்பதோ கூடாது, ஒரு தொடுகைதான். நல்ல தோலில் தொட்ட ஒவ்வொரு முறையும் இவர் சரியாகக் காட்டினார். முன்கைத் திட்டின் நடுவில் தொட்டபோது கை நகரவே இல்லை. ‘ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?’ என்று கேட்டாராம், அதற்குள் மூன்று முறை தொட்டாகிவிட்டது. எட்டு மாதமாக அந்தக் கையில் குளித்து, துடைத்து, ஆயின்மென்ட் தடவியவருக்கு அங்கே தொடுவுணர்வு இல்லை என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

அடுத்து முழங்கை, கழுத்து, முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால் என்று நரம்புகள் தோலுக்கு அருகே வரும் இடங்களில் விரலால் உருட்டிப் பார்த்து, வலதையும் இடதையும் ஒப்பிட்டார்கள். தடிப்பு இல்லை. விரல்களை விரிக்கச் சொல்லி, கட்டைவிரலை நிமிர்த்தச் சொல்லி, கண்ணை இறுக மூடச் சொல்லி வலுவைச் சோதித்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. காது மடலிலும் திட்டிலும் சிறு கீறல் போட்டு எடுத்த நீரில் கிருமி இல்லை. திட்டு ஐந்துக்குள், நரம்புத் தடிப்பு இல்லை, கிருமி இல்லை. தொழுநோய்தான், ஆனால் குறைந்த கிருமி வகை. ஆறு மாதச் சிகிச்சை. திட்டுகள் ஐந்தைத் தாண்டியிருந்தாலோ கிருமி தெரிந்திருந்தாலோ 12 மாதம் ஆகியிருக்கும்.

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இந்தக் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் பரிந்துரைத்தது. மாத்திரைகள் மாதக் கணக்குக்கு ஓர் அட்டையாக வரும். மாதத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டிய வேளையை மருத்துவப் பணியாளர் முன்னிலையில் சாப்பிட வேண்டும், மீதியை நாள்தோறும் வீட்டில். முதல் வேளைக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இன்னொரு மருந்தால் தோல் சில மாதம் கறுக்கும், பிறகு மெல்லத் தெளியும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே தனித் தட்டுக்கு எந்த வேலையும் இல்லை.

வீட்டுக்கு மருத்துவமில்லா மேற்பார்வையாளர் ஒருவர் வந்து மனைவியையும் பிள்ளைகளையும் பார்த்தார். யாருக்கும் ஒன்றுமில்லை. தடுப்புக்காக அவர்களுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு கடிதத்தில் ‘ஆமாம்’ என்று நான் எழுதியிருந்தால் இதில் எதுவும் தானாக நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்பவர் எல்லோருக்கும் முடிவு இப்படி அமைவதில்லை. அதே வாரத்தில் ஒரு தாய் தன் எட்டு வயது மகளின் கன்னத்துத் திட்டைப் பற்றிக் கேட்டிருந்தார். வயிற்றில் பூச்சி இருந்தால் முகத்தில் வெள்ளை விழும் என்று மாமியார் சொல்லி, இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டதாம். பூச்சிக்கும் அந்தத் திட்டுக்கும் சம்பந்தம் இல்லை. குழந்தைகளின் கன்னத்தில் வரும் திட்டுகளில் பெரும்பாலானவை வறண்ட தோலால் வருபவை, தாமாகவே மறைபவை. அவருக்கு எழுதும்போது இதைச் சொன்னேன். ஆனாலும் ‘இதுதான்’ என்று முத்திரை குத்தவில்லை. முகத்தில் நரம்புகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் தொழுநோய்த் திட்டாக இருந்தாலும் அங்கே உணர்ச்சி குறைந்தது தெரியாமல் போகலாம். பஞ்சுச் சோதனையே தடுமாறும் இடத்தில் படம் எங்கே உதவப் போகிறது? அடுத்த விடுமுறை நாட்களில் அழைத்துப்போங்கள், அவசரமில்லை, அதுவரை தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ போதும் என்று எழுதினேன். முன்கைக்காரருக்கு எதையும் தடவாதே என்றும், இந்தக் குழந்தைக்கு எண்ணெய் தடவலாம் என்றும் சொன்னது முரணில்லை. எண்ணெய் எந்தச் சோதனையையும் கெடுக்காது. க்ரீம் கெடுக்கும்.

இருவருக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டினேன். எவ்வளவு சீக்கிரம் என்பது மட்டும் வேறு. நேரில் போகச் சொல்லும் பதிலில் இந்த ‘எப்போது’ இல்லையென்றால் பாதிப் பயன்தான். ‘முடிந்தபோது’ என்று எழுதினால் முன்கைக்காரர் தீபாவளி கழித்துப் போவார். ‘உடனே’ என்று எழுதினால் அந்தத் தாய் இரவெல்லாம் தூங்க மாட்டார்.

டாக்டரிடம் போயும் உடனே விடை கிடைக்காத நிலை ஒன்று உண்டு. தொடுவது சில முறை தெரிகிறது, சில முறை தெரியவில்லை, நரம்பும் சரியாக இருக்கிறது. அப்போது டாக்டர் தோலிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். அல்லது மூன்று மாதம் கழித்து வரச் சொல்லலாம். இதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதுவாக வளரும் நோயில் காலமும் ஒரு சோதனைதான். பூஞ்சையாக இருந்தால் மருந்துக்கு அடங்கியிருக்கும், வடுவாக இருந்தால் நிறம் ஏறியிருக்கும், தொழுநோயாக இருந்தால் உணர்ச்சி இன்னும் தெளிவாகக் குறைந்திருக்கும். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் ஓ.பி. சீட்டிலேயே அடுத்து வர வேண்டிய தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திட்டின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே டாக்டரிடம் காட்டினால் திட்டு பரவியிருக்கிறதா என்று அவர் அளந்து பார்த்துவிடுவார். படம் பயன்படுவது அங்கேதான். சிக்கலான நிலை என்றால் அவரே செங்கல்பட்டில் உள்ள மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேலூரை அடுத்த காரிகிரி மருத்துவமனைக்கோ சீட்டு எழுதித் தருவார்.